சுடோகுவைப் படமெடுத்து ஏற்றுவதா, கையால் தட்டுவதா? எண் எங்கே மாறுகிறது என்று பார்த்து முடிவு செய்வோம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலை பேப்பரில் வரும் சுடோகுவும் குறுக்கெழுத்தும்தான் அங்கே பேச்சு. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் படம் எடுத்துப் போடுவார்கள். அந்தப் புதிரை ஒருவர் மென்பொருளில் ஏற்றிப் பார்த்து, விடையைச் சொல்லாமல் "மூன்றாவது பெட்டியைப் பாருங்கள்" என்று மட்டும் துப்பு கொடுக்க வேண்டும். ஏற்ற மூன்று வழிகள் உண்டு. சுடோகுவுக்கென்றே உள்ள ஸ்கேன் ஆப் ஒன்று. படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பொதுவான ஏஐ இன்னொன்று. மூன்றாவது, கையாலேயே தட்டுவது. எதை எடுப்பது என்பதற்கு "எது வேகம்" என்ற கேள்வி போதாது. ஒவ்வொன்றும் எந்த விதமாகத் தவறும், அந்தத் தவறு நம் கண்ணில் படுமா என்பதுதான் முக்கியம்.

பேசுவதற்கு ஒரு புதிரைக் கையில் வைத்துக்கொள்வோம். புள்ளி என்றால் காலிக் கட்டம்.

```
62.395...
1.8...2..
..3......
.4..3..9.
58.2.7.43
.6..1..8.
......7..
..2...3.5
...142.68
```

இதில் அச்சிட்ட எண்கள் 30. இதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு.

முதலில் ஸ்கேன் ஆப். இது படத்தில் உள்ள பெரிய நாற்கரத்தைத் தேடும். அதன் நான்கு மூலைகளைப் பிடித்து, சாய்ந்திருக்கும் படத்தை நேர்ச் சதுரமாக இழுத்து நிமிர்த்தும். பிறகு அதை 9-க்கு 9 என்று சமமாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் கொஞ்சம் சீவிவிட்டு, உள்ளே எண் இருக்கிறதா, இருந்தால் எது என்று தனித்தனியாகக் கேட்கும். ஓரத்தைச் சீவுவது கட்டக்கோடு உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காக.

இந்த முறையின் பெரிய பலம், எண் இடம் மாறாது என்பது. ஒரு கட்டத்தில் இருப்பதை அது தப்பாகப் படிக்கலாம், ஆனால் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிவிடாது. பலவீனம் எங்கே என்றால், காகிதம் தட்டையாக இருக்கிறது என்று அது நம்புகிறது. நான்கு மூலைகளை வைத்து நிமிர்த்தும் கணக்கு தட்டையான தளத்துக்குத்தான் சரியாக வரும். பேப்பர் மடிப்பு புதிரின் நடுவே போனால், அல்லது ஐப்பசி மழையில் ஈரம் குடித்த பேப்பர் அலை அலையாக நின்றால், மூலைகள் சரியாக உட்கார்ந்தும் நடுக்கோடுகள் விலகிவிடும். நிமிர்த்திய படம் 900 பிக்சல் அகலம் என்று வையுங்கள். ஒரு கட்டம் 100 பிக்சல். ஆப் ஒவ்வொரு பக்கமும் 10 பிக்சல் சீவுகிறது. நடுவில் காகிதம் உப்பிக் கோடு 20 பிக்சல் தள்ளிப் போனால், சீவிய பிறகும் கோடு கட்டத்துக்குள் நிற்கும். காலிக் கட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு ஆப்புக்கு 1 போலத் தெரியும். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: கட்டத்தின் ஓரத்தை ஒட்டி மெலிதாக எழுதிய 1, கோட்டோடு சேர்த்துச் சீவப்பட்டு, கட்டம் காலி என்று பதிவாகும். ஸ்கேன் ஆப்பில் ஏற்றிய புதிரில் முதலில் 1-களையும் நடு மூன்று வரிசைகளையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வெளிச்சம். செய்தித்தாள் காகிதம் மெல்லியது. பின்பக்கத்து விளம்பரத்தின் கறுப்பு எழுத்து முன்பக்கம் சாம்பலாகத் தெரியும். பேப்பரைக் கையில் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து எடுத்தால் இது இன்னும் மோசம், பின்பக்கம் முழுக்க ஊடுருவி வரும். மேசையில் வைத்து, அடியில் ஒரு கறுப்பு அட்டையோ கறுப்பு ஃபைலோ வைத்தால் இந்த நிழல் எழுத்து பெரும்பாலும் மறைந்துவிடும். வெள்ளைக் காகிதத்தை அடியில் வைத்தால் பலன் குறைவு. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து பின்பக்கத்து மையைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே பக்கத்தில் எளிய புதிர், கடினமான புதிர் என்று இரண்டு சுடோகு அச்சிட்டிருந்தால், "பெரிய நாற்கரம்" எது என்பதில் ஆப் ஏமாறும். இரண்டையும் சூழ்ந்த பெட்டிக்கோட்டைக்கூடப் பிடித்துக்கொள்ளும். புதிர் மட்டும் இருக்கும்படி படத்தை வெட்டிவிட்டுக் கொடுப்பதே வழி.

சரி, பொதுவான ஏஐ எப்படிப் படிக்கிறது? அது கட்டங்களாக வெட்டுவதில்லை. பெரும்பாலான இவ்வகை மாடல்கள் படத்தைச் சிறிதாக்கி, தங்களுக்கென்று உள்ள ஒரே அளவுச் சதுரத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கின்றன. அந்தத் துண்டுகளுக்கும் சுடோகு கட்டங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு துண்டில் ஒன்றரைக் கட்டம் இருக்கலாம், ஒரு எண் இரண்டு துண்டுகளில் பாதிப் பாதியாகப் போகலாம். பிறகு விடையை வரிசை வரிசையாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டு போகிறது. எண்களின் வடிவத்தை இது நன்றாகவே அடையாளம் காணும். மங்கிய 6, மடிப்பில் விழுந்த 8 இவற்றில் ஸ்கேன் ஆப்பைவிடத் தேவலாம் என்றுகூடச் சொல்வேன். சறுக்குவது காலிக் கட்டங்களை எண்ணுவதில்.

நம் புதிரின் ஏழாவது வரிசையைப் பாருங்கள். ஆறு காலி, ஒரு 7, இரண்டு காலி. இப்படி நீளமான வெற்றிடம் வரும்போது ஏஐ ஐந்து புள்ளி போட்டுவிட்டு 7-ஐ எழுதி, கடைசியில் ஒரு புள்ளி கூட்டி ஒன்பதாக்கிவிடும். வரிசையில் ஒன்பது எழுத்து இருக்கிறது, எண்ணும் சரி, இடம் மட்டும் தப்பு. இங்கே ஆறாவது நெடுவரிசையில் ஏற்கெனவே ஐந்தாம் வரிசையில் ஒரு 7 இருப்பதால், ஒரே நெடுவரிசையில் இரண்டு 7 வந்து உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் அதே 7 வலப்பக்கம் ஒரு கட்டம் தள்ளி எட்டாவது நெடுவரிசைக்குப் போயிருந்தால்? அந்த நெடுவரிசையில் 9, 4, 8, 6 தான் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் 3, 5, 6, 8. மோதல் எதுவும் தெரியாது.

ஏஐயிடம் இன்னொரு பழக்கமும் கவலைக்குரியது. மங்கலான இடத்தில் "தெரியவில்லை" என்று விடாமல், அங்கே பொருந்தக்கூடிய ஒரு எண்ணை எழுதிவிடும். படித்துவிட்டு அதுவே விடையையும் போடச் சொன்னால் இது இன்னும் கூடும், ஏனென்றால் படிப்பதும் ஊகிப்பதும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஏஐயைப் பயன்படுத்தினால் படிக்க மட்டும் சொல்லுங்கள். விடை காண வேறு மென்பொருள் போதும். புதிரை மூன்று வரிசைகள் கொண்ட மூன்று பட்டைகளாக வெட்டித் தனித்தனிப் படமாகக் கொடுத்தால் இடம் மாறுவது குறையும். ஒவ்வொரு பட்டையும் பெரிதாகத் தெரியும், வரிசை எண்ணிக்கையும் தடுமாறாது. ஒரே படத்தை இரண்டு தனி உரையாடல்களில் படிக்கச் சொல்லி ஒப்பிடுவதும் நல்லது. வேறுபடும் கட்டங்கள் நிச்சயம் சந்தேகத்துக்குரியவை. ஒத்துப்போகும் கட்டங்கள் எல்லாம் சரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தடவையும் ஒரே மடிப்பில் ஒரே தவறு வரலாம்.

இப்போது ஒரு எண்ணே மாறிப்போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 1-ஐ 7 என்று படிப்பது இரண்டு கருவிகளுக்கும் பொதுவான தவறு. சில அச்சு எழுத்துகளில் 1-இன் தலையில் நீண்ட கொடி இருக்கும். நம் புதிரில் இரண்டாம் வரிசை முதல் கட்டத்து 1, 7 ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்த வரிசையிலோ, முதல் நெடுவரிசையிலோ, அந்தப் பெட்டியிலோ வேறு 7 இல்லை. ஆகவே ஆப் எந்தச் சிவப்பு அடையாளமும் காட்டாது. நீங்களும் போட ஆரம்பிப்பீர்கள். நடு மூன்று வரிசைகள் ஊகம் எதுவும் இல்லாமல் முழுதாக நிரம்பும், அதுவும் சரியான எண்களோடு. முதல் வரிசையும் அப்படியே: 6 2 4 3 9 5 8 7 1. இதுவரை எல்லாம் அழகாகப் போகும்.

முதல் நெடுவரிசையில் இப்போது 6, 7, 2, 5, 3 வந்துவிட்டன. மீதி 1, 4, 8, 9. ஒன்பதாம் வரிசையில் 1, 4, 8 மூன்றும் அச்சிலேயே இருப்பதால், அந்த வரிசையின் முதல் கட்டத்தில் 9 மட்டுமே வர முடியும். அப்புறம் ஏழாவது நெடுவரிசைக்குப் போங்கள். அங்கே மிச்சம் 4, 9. ஒன்பதாம் வரிசையில் 4 ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே அங்கேயும் 9 தேவை. ஒரே வரிசையில் இரண்டு 9. தப்பு இருப்பது இடது மேல் மூலைக்கு அருகில். முட்டிக்கொண்டு நிற்பது அடி வரிசையில், ஆறு நெடுவரிசைகள் தள்ளி. இதைப் பார்க்கிறவர் தன் போக்கில்தான் எங்கோ பிசகிவிட்டோம் என்று அடி வரிசையையே அழித்து அழித்துப் போடுவார். பேப்பரோடு ஒப்பிடத் தோன்றாது. எங்கள் குழுவில் "புதிரே தப்பா அச்சாயிருக்கு சார்" என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது, பேப்பரில் போடுகிறீர்களா, போனில் ஏற்றிப் போடுகிறீர்களா என்பதுதான்.

விடை காணும் மென்பொருள் இங்கே உதவும், ஆனால் அது "விடை இதோ" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்கக்கூடாது. எத்தனை விடை என்று சொல்ல வேண்டும். ஒரு விடையும் இல்லை என்றால் எண்ணோ இடமோ மாறியிருக்கிறது. ஒன்றுக்கு மேல் விடை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. பல ஆப்புகள் முதலில் கிடைத்த விடையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதால், இந்த இரண்டாவது வகைத் தவறு தெரியாமலே போய்விடும். ஏற்றிய புதிரில் 17-க்குக் குறைவான எண்களே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அவ்வளவு குறைவான எண்களோடு ஒரே விடை கொண்ட சுடோகு இருக்க முடியாது என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குயர் குழு 2012-இல் கணினியால் முழுதாகத் தேடிக் காட்டியிருக்கிறது.

சரியாக ஒரு விடை வந்துவிட்டால் நிம்மதியா? முழுதாக இல்லை. ஒரு அச்சிட்ட எண்ணை எடுத்துவிட்டால் புதிருக்கு இரண்டு மூன்று விடைகள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற விடைகளில் அந்தக் கட்டத்தில் வேறு எண் இருந்தே தீரும். இல்லாவிட்டால் மூலப் புதிருக்கே இரண்டு விடை இருந்திருக்கும். கருவி தப்பாகப் படித்த எண் தற்செயலாக அந்த வேறு எண்ணாகவே அமைந்துவிட்டால், புதிர் ஒழுங்காகத் தீரும், ஒரே விடையும் வரலாம், ஆனால் மறுநாள் பேப்பரில் வரும் விடையோடு ஒத்துப்போகாது. இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் விடை வந்ததே படித்தது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது என்பதால், பேப்பரோடு ஒரு முறை ஒப்பிடுவதை விட முடியாது.

அந்த ஒப்பிடலை 81 கட்டத்துக்கும் செய்ய வேண்டியதில்லை. நம் புதிரை மறுபடி பாருங்கள். முதல் வரிசையில் எண் உள்ள இடங்கள் 1, 2, 4, 5, 6. கடைசி வரிசையில் 9, 8, 6, 5, 4. அதாவது பேப்பரைத் தலைகீழாகத் திருப்பினாலும் எண்கள் உள்ள இடங்களின் கோலம் மாறாது. பல பத்திரிகைச் சுடோகுக்கள் இப்படித்தான் அமைக்கப்படுகின்றன, எல்லாம் இல்லை. முதலில் பேப்பரில் உள்ள புதிர் அப்படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் ஏற்றியதையும் அதே மாதிரி சோதியுங்கள். மேலே சொன்ன, மோதல் காட்டாமல் நழுவிய 7 இங்கே மாட்டும். மூன்றாம் வரிசையின் ஒரே எண் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது, அதன் ஜோடி ஏழாம் வரிசையின் ஏழாம் கட்டத்தில் இருக்க வேண்டும். எட்டாம் கட்டத்தில் இருந்தால் கோலம் உடைந்துவிடும். விட்டுப்போன எண், இல்லாமல் முளைத்த 1, இடம் மாறிய எண் மூன்றையும் இந்தச் சோதனை பெரும்பாலும் பிடிக்கும், தனக்குத்தானே ஜோடியான நட்டநடுக் கட்டத்தை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். 1 ஏழானதை மட்டும் பிடிக்காது, ஏனென்றால் இடம் மாறவில்லை. ஆகவே கோலம் பார்த்த பிறகு 1-7, 3-8, 5-6, 6-8 ஆகிய ஜோடிகளை மட்டும் கண்ணால் ஒப்பிட்டால் போதும்.

கையால் தட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது எண்தான். வரிசையாகச் சொல்ல ஒருவர், தட்ட ஒருவர் என்றால் இன்னும் சுலபம். இதிலும் வரிசை மாறும் தவறு உண்டு, ஆனால் மேலே சொன்ன கோலச் சோதனை அதையும் பெரும்பாலும் பிடிக்கும். பாதி போட்ட புதிர் என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பேனாவில் எழுதிய எண், அடித்துத் திருத்திய எண், கட்டத்து மூலையில் பென்சிலில் குறித்த சின்ன எண்கள் எல்லாம் கலந்திருக்கும் படத்தில், எது அச்சு, எது நம் கையெழுத்து என்று இரண்டு கருவிகளும் நம்பத்தகுந்த வகையில் பிரிப்பதில்லை. துப்பு கொடுக்க வேண்டியவருக்கோ அந்த வித்தியாசம்தான் எல்லாமே. போட்டவர் செய்த பிழையும் கொடுத்த எண்ணும் ஒன்றாகப் பதிவானால், தீர்க்கவே முடியாத புதிர்தான் கையில் இருக்கும். அச்சிட்ட எண்களை மட்டும் தட்டி விடை கண்டு, அப்புறம் போட்டவரின் படத்தோடு ஒப்பிட்டால் பிசகிய கட்டம் உடனே தெரிந்துவிடும்.

பாதி போடாத, சுத்தமான அச்சுப் புதிர் என்றால் ஸ்கேன் ஆப்பும் கோலச் சோதனையும் போதும். படம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்றால் அதை ஹெச்டி தரத்திலோ டாக்குமெண்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். முழுப் பக்கத்தையும் எடுத்து மூலையில் புதிர் இருந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் சில பிக்சல்களே மிஞ்சும்.

குறுக்கெழுத்து வேறு கதை. ஆங்கிலக் குறுக்கெழுத்தில் வழக்கமாக 15-க்கு 15, 225 கட்டங்கள். கறுப்புக் கட்டங்களும் சுடோகு போலவே தலைகீழாகத் திருப்பினால் மாறாத கோலத்தில் இருக்கும். கட்ட மூலையில் உள்ள சின்ன எண்களைக் கருவி படிக்கவே தேவையில்லை. எந்த வெள்ளைக் கட்டத்தில் ஒரு சொல் தொடங்குகிறதோ அதற்கு வரிசையாக எண் என்பது விதி. கறுப்பைச் சரியாகப் பிடித்தால் எண்கள் தானாக வந்துவிடும். ஆனால் ஒரே ஒரு கறுப்பு வெள்ளையானால், அதற்குப் பின் வரும் எண்கள் பெரும்பாலும் நழுவி, 14-வது குறிப்பு 15-வது இடத்தில் போய் உட்காரும். குறிப்பின் முடிவில் அடைப்புக்குள் உள்ள எழுத்து எண்ணிக்கையும் கட்டத்தின் நீளமும் தொடர்ந்து பொருந்தாமல் போனால், குறிப்புகளைத் திருத்தப் போகாதீர்கள். பொருந்தாமை எங்கே தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலே ஒரு கறுப்புக் கட்டத்தைத் தேடுங்கள்.

குறிப்புகளின் வாசகத்துக்கு ஏஐ நன்றாக உதவும், பத்தி பத்தியாக வெட்டிக் கொடுத்தால். முழுப் பக்கமாகக் கொடுத்தால் இரண்டு பத்திகளின் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சொல்விளையாட்டுக் குறிப்புகளில் ஒரு எச்சரிக்கை மட்டும். அவற்றின் வாக்கியம் இயல்பாகவே கோணலாக இருக்கும், எழுத்துகளைக் கலைத்துச் சேர்த்தால்தான் விடை வரும். அந்தக் கோணலைப் பிழை என்று நினைத்து ஏஐ சத்தமில்லாமல் நேராக்கிவிட்டால், ஒரு எழுத்து மாறினாலும் குறிப்பு செத்துவிடும். படிக்கச் சுகமாக இருக்கும் குறிப்பையே முதலில் சந்தேகப்படுங்கள்.

தமிழ்க் குறுக்கெழுத்துக்கு இந்தக் கருவிகள் இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் பத்திரிகைகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமல்ல, வலமிருந்து இடம், கீழிருந்து மேலும் உண்டு. வலமிருந்து இடம் போகும் சொல்லின் எண் அதன் வலக்கோடியில் இருக்கும். கறுப்பைப் பார்த்து எண் போடும் விதி அங்கே செல்லாது, மூலையில் உள்ள எண்ணைப் படித்தே ஆக வேண்டும். அடுத்தது எழுத்துக் கணக்கு. "கொக்கு" என்றால் நமக்கு மூன்று கட்டம். கணினிக்கு அது க, ொ, க, ், க, ு என்று ஆறு குறிகள். குறிகளை எண்ணும் மென்பொருள் இந்தச் சொல் கட்டத்தில் பொருந்தாது என்று தள்ளிவிடும். படத்தில் புள்ளி மங்கினால் க் என்பது க ஆகிவிடும். ர-வும் துணைக்காலும் பல அச்சுகளில் ஒன்று போலவே தெரியும். தமிழ்ப் புதிரில் கட்டத்தைக் கையால் வரைந்து, குறிப்பைப் பேப்பரைப் பார்த்தே தட்டுங்கள். கட்டங்கள் ஆங்கிலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.